கடிதத்தின் அடியில் யார் கையெழுத்து?
மாஸ்லோவையும் ஹெர்ஸ்பெர்க்கையும் ஒரே அலுவலகத்தில் வைத்துப் பார்க்கும் தேர்வுக் குறிப்புகள்

1960-களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் தொலைபேசிச் சேவையில் பெரும்பகுதியைத் தன் கையில் வைத்திருந்த ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தில் ஒரு கடிதப் பிரிவு இருந்தது. நிறுவனத்தின் பங்குகளை வைத்திருப்பவர்கள் எழுதும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதுதான் அங்கிருந்தவர்களின் வேலை. அவர்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்து, நன்றாகப் பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். சம்பளத்தில் பெரிய குறையில்லை; வேலை போய்விடும் என்ற பயமும் இல்லை. ஆனாலும் வேலையின் தரத்தை அளந்தபோது அது தாழ்ந்தே இருந்தது. வேலையைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டபோதும் பதில் மகிழ்ச்சி தருவதாக இல்லை. வேலையை விட்டுப் போனவர்கள், “சவாலான வேலை என்று சொன்னார்கள், அது சொல்லாக மட்டுமே இருந்தது” என்ற பொருளில் பேசிவிட்டுப் போனார்கள்.

ஒரு கடிதம் அந்த அறையில் எப்படிப் போனது என்று பார்த்தால் காரணம் புரியும். ஊழியர் பதிலை எழுதுவார். மேற்பார்வையாளர் அதைச் சரிபார்ப்பார். ஒன்றிரண்டு கடிதங்களை அல்ல, ஒவ்வொரு கடிதத்தையும். பிறகு அதன் அடியில் மேற்பார்வையாளரின் கையெழுத்து விழும். எழுதியவரின் பெயர் எங்கும் இருக்காது.

இங்கே என்ன குறை? இவர்களுக்கு எதைக் கொடுத்தால் வேலை சிறக்கும்? நிறுவன நடத்தையியல் பாடத்தில் ஊக்கமூட்டல் கோட்பாடுகளைப் படிக்கும் எவரும் இந்தக் கேள்வியை இரண்டு பேரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஒருவர் தேவைப் படிநிலையைச் சொன்ன ஆபிரகாம் மாஸ்லோ. இன்னொருவர் இரு காரணிக் கோட்பாட்டைச் சொன்ன பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க். பாடநூல்களில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், ஒரே பட்டியலை இருவர் இரு விதமாக எழுதிவைத்தார்கள் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். தேர்வில் ‘ஒப்பிடுக’ என்ற கேள்வி வரும்போது மதிப்பெண் குறைவதற்கு இந்த நினைப்பே காரணம். இருவரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. அது எங்கே என்பதை இந்தக் கடிதப் பிரிவு நமக்குக் காட்டும்.

மாஸ்லோ: மனிதனுக்கு இப்போது என்ன வேண்டும்?

மாஸ்லோ உளவியலாளர், நிர்வாகவியல் அவர் துறை அல்ல. 1943-இல் ஓர் உளவியல் ஆய்விதழில் மனித ஊக்கத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில்தான் தேவைப் படிநிலை முதலில் வந்தது. தொழிற்சாலையையோ அலுவலகத்தையோ மனத்தில் வைத்து எழுதியதல்ல அது. மனிதனை எது இயக்குகிறது என்ற பொதுவான கேள்விக்கு அவர் தேடிய பதில்.

அவர் சொன்ன தேவைகள் ஐந்து. முதலில் பசி, தாகம், உறக்கம் போன்ற உடலியல் தேவைகள். அடுத்து ஆபத்தில்லாமல், நாளைய பயமில்லாமல் வாழும் பாதுகாப்புத் தேவை. மூன்றாவது, அன்பும் ஒரு கூட்டத்தில் ஒருவராக இருப்பதுமான சமூகத் தேவை. நான்காவது மதிப்புத் தேவை. இதற்கு இரு முகங்கள் உண்டு: என்னால் முடியும் என்று தன்னைத் தானே மதிப்பது ஒன்று, பிறர் தன்னை மதிப்பது இன்னொன்று. ஐந்தாவது தன்னிறைவுத் தேவை. தனக்குள் இருக்கும் திறன் எதுவோ அதுவாகவே ஆகிவிட வேண்டும் என்ற வேட்கை அது.

ஐந்து பெயர்களை எழுதினால் பட்டியல்தான் ஆகும். அதைக் கோட்பாடாக்குவது மாஸ்லோ சொன்ன இயக்க விதி. கீழே உள்ள தேவை ஓரளவு நிறைவேறியதும் மேலே உள்ளது தலைதூக்கும். நிறைவேறிய தேவை அதன்பின் மனிதனை இயக்காது. வயிறு நிறைந்தவனிடம் சோற்றைக் காட்டி வேலை வாங்க முடியாது. அவன் மனம் அதற்குள் வேறொன்றைத் தேடத் தொடங்கியிருக்கும். ஆகவே மாஸ்லோவின் கணக்கில் எந்தத் தேவையும் ஊக்கியாகலாம், அது நிறைவேறாமல் இருக்கும் வரை. இந்த வாக்கியத்தை நன்றாக மனத்தில் நிறுத்துங்கள். ஹெர்ஸ்பெர்க் விலகிப் போவது இந்த இடத்தில்தான்.

மாஸ்லோவைப் பற்றி விடைத்தாள்களில் அடிக்கடி வரும் இரண்டு தவறுகளை இங்கேயே திருத்திக்கொள்வோம்.

முதலாவது, ஒரு தேவை முழுக்க முழுக்க நிறைவேறினால்தான் அடுத்தது பிறக்கும் என்று எழுதுவது. மாஸ்லோ அப்படிச் சொல்லவில்லை. விளக்கத்துக்காகத் தாமே வைத்துக்கொண்ட எண்களால் அவர் காட்டினார்: ஒரு சராசரி மனிதருக்கு உடலியல் தேவை 85 விழுக்காடும், பாதுகாப்பு 70 விழுக்காடும், அன்பு 50 விழுக்காடும், மதிப்பு 40 விழுக்காடும், தன்னிறைவு 10 விழுக்காடும் நிறைவேறியிருக்கலாம். இவை அளந்து எடுத்த எண்கள் அல்ல. எல்லாத் தேவைகளும் ஒரே நேரத்தில் ஓரளவு நிறைவேறியும் ஓரளவு நிறைவேறாமலும் இருக்கும், மேலே போகப் போக நிறைவு குறையும் என்பதைச் சொல்லும் வழி அது. வரிசை எல்லோருக்கும் ஒன்றே என்றும் அவர் கருதவில்லை. அன்பைவிட மதிப்பை முன்வைப்பவர்கள், பசியோடும் படைப்பதை விடாதவர்கள், கொள்கைக்காக எல்லாவற்றையும் துறப்பவர்கள் என்று விதிவிலக்குகளை அதே கட்டுரையில் எழுதினார்.

இரண்டாவது, மாஸ்லோ பிரமிடு வரைந்தார் என்று எழுதுவது. 1943 கட்டுரையில் படமே இல்லை. முக்கோண வடிவம் பின்னாளில் நிர்வாகவியல் எழுத்தாளர்கள் கொடுத்தது. விடையில் படம் வரைவதில் தவறில்லை. மாஸ்லோவின் கருத்தைக் காட்டும் படம் என்று எழுதுங்கள், மாஸ்லோ வரைந்த படம் என்று எழுதாதீர்கள். படத்தால் வரும் பெரிய சிக்கல் வேறு. அது படிக்கட்டு போலத் தோன்றுவதால், ஒரு படியை விட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும் என்ற முதல் தவறையும் அதுவே மனத்தில் பதித்துவிடுகிறது.

இனி நம் கடிதப் பிரிவுக்கு மாஸ்லோவை அழைத்துப் போவோம். உடலியல் தேவையும் பாதுகாப்பும் பெருமளவு நிறைவேறியவை. ஒரே அறையில் பலர் சேர்ந்து வேலை செய்கிறார்கள், ஆகவே சமூகத் தேவைக்கும் இடமிருக்கிறது. அப்படியென்றால் அவர்களை இயக்கக் கூடியது அதற்கு மேலே உள்ள மதிப்புத் தேவை. அதுதான் அங்கே பட்டினி கிடக்கிறது. தான் எழுதியதில் தன் பெயர் இல்லாதவருக்கு வேறென்ன தோன்றும்?

நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் மருந்து எது? மதிப்புத் தேவையை நிறைவேற்றப் பல வழிகள் உண்டு. ‘முதுநிலைக் கடித அலுவலர்’ என்று ஒரு பட்டம் கொடுக்கலாம். நல்ல நாற்காலியும் தனி மேசையும் கொடுக்கலாம். மாதம் ஒருவருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுக்கலாம். கையெழுத்துப் போடும் உரிமையையும் கொடுக்கலாம். இந்த நான்கில் எது வேலை செய்யும், எது செய்யாது என்று பிரித்துக் காட்டும் கருவி மாஸ்லோவிடம் இல்லை. எல்லாமே மதிப்பு என்ற ஒரே கூடையில் கிடக்கின்றன.

ஹெர்ஸ்பெர்க்: வேலைக்குள் என்ன இருக்கிறது?

ஹெர்ஸ்பெர்க் கேட்ட கேள்வி வேறு. அவரும் பெர்னார்டு மவ்ஸ்னர், பார்பரா ஸ்னைடர்மன் ஆகிய இருவரும் பிட்ஸ்பர்க் நகர்ப்புறத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் சந்தித்தார்கள். ‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்று அவர்களிடம் கேட்கவில்லை. உங்கள் வேலையைப் பற்றி மிக நல்ல உணர்வு இருந்த ஒரு காலத்தை நினைத்துப் பாருங்கள், அப்போது என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்றார்கள். பிறகு மிக மோசமான உணர்வு இருந்த காலத்தைப் பற்றியும் அப்படியே கேட்டார்கள். ஆளின் கருத்தை விட்டுவிட்டு, நடந்த நிகழ்ச்சியைக் கேட்டு வாங்கும் இந்த வழிக்கு முக்கிய நிகழ்வு முறை என்று பெயர். முடிவுகள் 1959-இல் நூலாக வந்தன.

சாதாரணமாக நாம் என்ன எதிர்பார்ப்போம்? மகிழ்ச்சி தந்தது எதுவோ அது இல்லாதபோது வருத்தம் வந்திருக்கும் என்றுதான். ஆனால் இரண்டு கேள்விகளுக்கும் வந்த பதில்கள் இரு வேறு திசைகளில் போயின. நல்ல காலங்களைப் பற்றிப் பேசியபோது மக்கள் சொன்னவை: ஒன்றைச் சாதித்தது, அது கவனிக்கப்பட்டது, வேலையே பிடித்திருந்தது, பொறுப்பு கிடைத்தது, முன்னேற்றம் வந்தது. கெட்ட காலங்களைப் பற்றிப் பேசியபோது அவர்கள் சொன்னவை: நிறுவனத்தின் கொள்கையும் நிர்வாகமும், மேற்பார்வை நடந்த விதம், மேலாளரோடு உரசல், வேலைச் சூழல், சம்பளம்.

முதல் கூட்டம் முழுவதும் வேலைக்குள் இருப்பது. இரண்டாவது கூட்டம் வேலையைச் சுற்றி இருப்பது. முதலாவதை ஊக்கக் காரணிகள் என்றும் இரண்டாவதைச் சுகாதாரக் காரணிகள் என்றும் ஹெர்ஸ்பெர்க் அழைத்தார். அந்த இரண்டாம் பெயர் முதலில் விநோதமாகத் தெரியலாம். தெருச் சாக்கடையைத் தூர்வாரி, குடிநீரைச் சுத்தமாக்கினால் காய்ச்சல் பரவாது. ஆனால் சாக்கடை சுத்தமாக இருப்பதாலேயே யாருக்கும் உடம்பில் பலம் ஏறிவிடாது. சம்பளமும் சூழலும் அப்படித்தான் என்றார் அவர். சரியாக இல்லாவிட்டால் மனக்கசப்பு வரும். சரியாக இருந்தால் மனக்கசப்பு வராது, அவ்வளவுதான்.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவே கோட்பாட்டின் உயிர். திருப்தியும் அதிருப்தியும் ஒரே கோலின் இரு முனைகள் அல்ல. அவை இரண்டு தனிக் கோல்கள். திருப்திக்கு எதிர்ப்பதம் ‘திருப்தியின்மை’. அதிருப்திக்கு எதிர்ப்பதம் ‘அதிருப்தியின்மை’. ஒருவர் ஒரே நேரத்தில் வேலையை நேசித்துக்கொண்டே சம்பளத்தைப் பற்றிப் புலம்பலாம். எந்தப் புலம்பலும் இல்லாமல், எந்த ஆர்வமும் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தும் இருக்கலாம். நம் கடிதப் பிரிவு இந்த இரண்டாம் நிலையில்தான் இருந்தது.

1968-இல் ஹார்வர்டு வணிக இதழில் எழுதிய கட்டுரையில், 12 ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து ஹெர்ஸ்பெர்க் இரண்டு எண்களைத் தந்தார். திருப்திக்கு வழிவகுத்த காரணிகளில் 81 விழுக்காடு ஊக்கக் காரணிகள். அதிருப்திக்கு வழிவகுத்தவற்றில் 69 விழுக்காடு சுகாதாரக் காரணிகள். இவை 100 அல்ல என்பதையும் கவனியுங்கள். கோடு தெளிவானது; ஆனால் அதைத் தாண்டிக் கசிவதும் உண்டு. அப்படிக் கசிவதில் முக்கியமானது சம்பளம். பிட்ஸ்பர்க் ஆய்விலேயே நல்ல நிகழ்ச்சிகளிலும் கெட்ட நிகழ்ச்சிகளிலும் சம்பளம் ஏறக்குறைய ஒரே அளவில் தலைகாட்டியது. ‘சம்பளம் சுகாதாரக் காரணி’ என்று ஒரே வரியில் முடித்துவிடாமல் இதையும் சேர்த்து எழுதினால் விடை கனக்கும்.

கடிதப் பிரிவில் நடந்த சோதனை

மேலே சொன்ன 1968 கட்டுரையில் இந்தக் கடிதப் பிரிவைத்தான் ஹெர்ஸ்பெர்க் விரிவாக எடுத்துக்காட்டினார். அங்கே நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல், மிகப் பெரிய நிறுவனம் என்று மட்டும் எழுதினார். ஏ.டி. அண்டு டி.-யில் இந்த முயற்சிகளை நடத்திய ராபர்ட் ஃபோர்டு 1969-இல் தம் நூலில் அவற்றை விவரித்தார்.

சோதனை இப்படி நடந்தது. ஒரு குழுவின் வேலையை மட்டும் மாற்றினார்கள். இன்னொரு குழு பழையபடியே வேலை செய்தது. தங்களைக் கவனிக்கிறார்கள் என்பதாலேயே மனிதர்கள் மாறிவிடுவார்களோ என்பதைச் சோதிக்க வேறு இரண்டு குழுக்களையும் வைத்தார்கள். வழக்கமான சம்பள உயர்வு போன்றவை எல்லோருக்கும் வழக்கப்படியே நடந்தன. சுகாதாரக் காரணிகளில் கூடுதலாக எதையும் தொடவில்லை. வேலை செழுமைக்கு இதுவே அடிப்படை: சுற்றியிருப்பதை விட்டுவிட்டு, வேலையின் உள்ளடக்கத்தை மாற்றுவது.

என்ன மாற்றலாம் என்று யோசித்தபோது பல யோசனைகள் வந்தன. ஒரு நாளைக்கு இத்தனை கடிதம் என்று எட்டுவதற்குக் கடினமான இலக்கு வைக்கலாம். கடிதத்தை எழுதுபவரே தட்டச்சும் செய்யலாம். சிக்கலான கடிதங்களைச் சிலரிடம் ஒதுக்கிவிட்டால் மற்றவர்கள் வேகமாக முடிப்பார்கள். ஆட்களை வெவ்வேறு பிரிவுகளுக்கு மாற்றி மாற்றி அனுப்பலாம். இவை எல்லாவற்றையும் ஹெர்ஸ்பெர்க் ஒதுக்கினார். இவை வேலையைப் பக்கவாட்டில் பெருக்குபவை. சுவையில்லாத வேலையோடு இன்னொரு சுவையில்லாத வேலையைச் சேர்த்தால் இரண்டு சுவையில்லாத வேலைகள்தான் கிடைக்கும். தேர்வில் ‘வேலை விரிவாக்கம்’, ‘வேலை செழுமை’ ஆகியவற்றை வேறுபடுத்தக் கேட்டால் இந்த உதாரணமே போதும்.

அவர் ஏற்றுக்கொண்டவை வேலையை மேல்நோக்கி வளர்ப்பவை. மேலே இருந்த அதிகாரத்தில் கொஞ்சத்தைக் கீழே இறக்கியவை. ஒவ்வொரு குழுவிலும் சில துறைகளுக்கு வல்லுநர்களாக ஊழியர்களையே நியமித்தார்கள். சிக்கலான கேள்வி வந்தால் மேற்பார்வையாளரிடம் ஓடுவதற்கு முன் அந்தச் சக ஊழியரைக் கேட்கலாம். அனுபவமுள்ளவர்களின் கடிதங்களைச் சரிபார்ப்பது 100 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைந்தது. அந்தச் சரிபார்ப்பும் அவர்களின் மேசையிலேயே நடந்தது. எழுதி முடித்த கடிதங்கள் மேற்பார்வையாளரின் மேசையைத் தொடாமல் நேரே அஞ்சல் அறைக்குப் போயின. வார்ப்பு வாசகங்களை விட்டுவிட்டுத் தம் நடையில் எழுத ஊக்கம் கொடுத்தார்கள். கடிதத்தின் தரத்துக்கும் துல்லியத்துக்கும் எழுதியவரே பொறுப்பு. கடிதத்தின் அடியில் அவருடைய கையெழுத்தே விழுந்தது.

இந்த மாற்றங்கள் ஒரே நாளில் வரவில்லை. ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்றாக, இரண்டு மாதங்களில் வந்தன. ஆறு மாத முடிவில் மாற்றம் கண்ட குழு, பழைய முறையில் வேலை செய்த குழுவை முந்தியிருந்தது. வேலை பிடித்திருக்கிறது என்ற எண்ணமும் தெளிவாக உயர்ந்திருந்தது. வராத நாட்கள் குறைந்தன. பதவி உயர்வு பெற்றவர்களும் அந்தக் குழுவில் அதிகம்.

இப்படிச் செய்யப் போகிறவர்களுக்கு ஹெர்ஸ்பெர்க் இரண்டு எச்சரிக்கைகளும் தந்தார். முதல் சில வாரங்களில் வேலையின் தரம் குறையலாம். புதிய பொறுப்பு பழகும்வரை அது இயல்பு, அதைக் கண்டு திட்டத்தைக் கைவிடக் கூடாது. இன்னொன்று, மேற்பார்வையாளர்களுக்குப் பதற்றமும் கோபமும் வரும். ஒவ்வொரு கடிதத்தையும் சரிபார்ப்பதே தன் வேலை என்று இருந்தவருக்குத் திடீரென்று கையில் வேலை இல்லை. தன் ஆட்களைப் பயிற்றுவித்து வளர்ப்பதுதான் தன் உண்மையான வேலை என்று அவர் கண்டுகொள்ளக் காலம் பிடிக்கும்.

எங்கே சேர்கிறார்கள், எங்கே பிரிகிறார்கள்

இருவரையும் பக்கத்தில் வைத்தால் ஒற்றுமை எளிதில் தெரியும். மாஸ்லோவின் கீழ் மூன்று தேவைகள் பெரும்பாலும் ஹெர்ஸ்பெர்க்கின் சுகாதாரக் காரணிகளோடு பொருந்துகின்றன. சம்பளமும் வேலைச் சூழலும் உடலியல் தேவையோடும், பணிப் பாதுகாப்பு பாதுகாப்புத் தேவையோடும், மேலாளரோடும் சகாக்களோடும் உள்ள உறவு சமூகத் தேவையோடும் பொருந்தும். தன்னிறைவு, ஊக்கக் காரணிகளில் வரும் வளர்ச்சியோடும் வேலையின் சுவையோடும் பொருந்தும். பல விடைகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. உண்மையில் விடை இங்கேதான் தொடங்க வேண்டும்.

மாஸ்லோவின் நான்காம் தேவையான மதிப்பைப் பாருங்கள். அது ஹெர்ஸ்பெர்க்கின் கோட்டில் நடுவே பிளந்துவிடுகிறது. செய்த வேலைக்காகக் கிடைக்கும் அங்கீகாரம் ஊக்கக் காரணி. பதவிப் பெயரும் மேசையும் தரும் அந்தஸ்து சுகாதாரக் காரணி. நம் அலுவலகத்தில் ‘முதுநிலை’ என்ற பட்டம் கொடுத்துவிட்டு ஒவ்வொரு கடிதத்தையும் தொடர்ந்து சரிபார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாஸ்லோவின்படி மதிப்புத் தேவைக்கு ஏதோ கிடைத்திருக்கிறது. கொஞ்சமாவது பலன் இருக்க வேண்டும். ஹெர்ஸ்பெர்க்கின்படி வேலை அப்படியேதான் இருக்கிறது, ஊக்கம் பிறக்காது. இங்கே இரு கோட்பாடுகளும் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு வேறு விளைவுகளை எதிர்பார்க்கின்றன. ஒப்பீட்டு விடைக்கு இதைவிடக் கூரிய இடம் கிடைக்காது.

இரண்டாவது பிரிவு, தாழ்ந்த தேவைகளால் ஊக்கமூட்ட முடியுமா என்பது. மாஸ்லோவின்படி முடியும். வாடகை கொடுக்க முடியாமல் தவிப்பவருக்குச் சம்பள உயர்வு பெரிய ஊக்கி. ஹெர்ஸ்பெர்க்கின்படி அது அவருடைய கசப்பைப் போக்கும். வேலையில் ஆர்வத்தை ஊட்டாது. இந்த முரணின் காரணம் ஓரளவு அவர் யாரைக் கேட்டார் என்பதில் இருக்கிறது. பொறியாளர்களும் கணக்காளர்களும் ஏற்கெனவே கீழ்த் தேவைகளைக் கடந்துவந்தவர்கள். மாஸ்லோவின் கண்ணால் பார்த்தால், அவர்களுக்குச் சம்பளம் பெரிய ஊக்கியாகத் தெரியாததில் வியப்பில்லை. தினக்கூலிக்கு வேலை செய்பவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டால் அதே விடை வரும் என்று நாம் உறுதியாக இருக்க முடியாது.

மூன்றாவது பிரிவு எளிது, ஆனால் மறக்கக் கூடாதது. மாஸ்லோவிடம் வரிசை உண்டு; ஹெர்ஸ்பெர்க்கிடம் வரிசை இல்லை, இரண்டு கோல்கள்தான் உண்டு. மாஸ்லோ மனிதனின் முழு வாழ்வையும் பார்த்தார். ஹெர்ஸ்பெர்க் வேலையை மட்டும் பார்த்தார். அதனால்தான் மேலாளருக்கு என்ன செய்வது என்று சொல்ல ஹெர்ஸ்பெர்க்கால் முடிகிறது. அவர் கோட்பாட்டை எடுத்து அலுவலகத்துக்கு வெளியே பயன்படுத்துவது கடினம் என்பதற்கும் அதுவே காரணம்.

குறைகள்: பெயரோடு எழுதுங்கள்

மாஸ்லோவின் வரிசை ஆய்வில் தேறியதா? டக்ளஸ் ஹாலும் கலீல் நுகெய்மும் 1968-இல் வெளியிட்ட ஆய்வில் இளம் மேலாளர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களும் ஏ.டி. அண்டு டி. மேலாளர்களே. ஒரு தேவை நிறைவேறியதால் அடுத்தது எழுந்தது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. தேவைகள் மாறியது உண்மை. ஆனால் அதற்குப் பணி வாழ்க்கையின் கட்டம் மாறியதே காரணம் என்று அவர்கள் கருதினார்கள். புதிதாக வந்தவருக்குப் பாதுகாப்புப் பெரிது. காலூன்றியவருக்குச் சாதனை பெரிது. 1976-இல் வாபாவும் பிரிட்வெல்லும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, படிநிலைக்கு ஆதரவு மிகக் குறைவு என்றார்கள்.

ஹெர்ஸ்பெர்க்கின் பலவீனம் அவர் கேட்ட முறையிலேயே இருக்கிறது. 1964-இல் விக்டர் வ்ரூம் இதைச் சுட்டிக்காட்டினார். நல்லது நடந்தால் அதற்குத் தானே காரணம் என்றும், கெட்டது நடந்தால் சூழலே காரணம் என்றும் சொல்வது மனித இயல்பு. அப்படியானால் ‘நான் சாதித்தேன்’ என்பது ஒரு பக்கமும் ‘நிர்வாகம் சரியில்லை’ என்பது மறு பக்கமும் போய் விழுவதில் என்ன அதிசயம்? இரண்டு கோல்கள் மனிதனின் மனத்தில் இல்லாமல், கேட்ட கேள்வியில் இருக்கலாம். இதே ஆய்வை வேறு முறையில் செய்தவர்களுக்கு இவ்வளவு சுத்தமான பிரிவு எப்போதும் கிடைக்கவில்லை. இன்னொரு குறையும் உண்டு: திருப்தி உள்ளவர் அதிகம் உழைப்பார் என்று கோட்பாடு கருதிக்கொள்கிறது. பிட்ஸ்பர்க் ஆய்வு அளந்தது உணர்வைத்தான், உழைப்பை அல்ல.

கடிதப் பிரிவின் சோதனை இங்கே மீண்டும் உதவுகிறது. அங்கே ஆட்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டதோடு நிற்கவில்லை. வேலையை மாற்றி விளைவை அளந்தார்கள். ஆகவே, நினைவுகளைக் கேட்கும் முறையின் மீது வ்ரூம் வைத்த குற்றச்சாட்டு இந்தச் சோதனையின் மேல் அப்படியே பாயாது. ஆனால் இந்தச் சோதனை நிரூபிப்பதும் ஓரளவுதான். வேலையின் உள்ளடக்கத்தை மாற்றினால் இத்தகைய ஊழியர்களிடம் பலன் உண்டு என்று அது காட்டுகிறது. சம்பளத்தால் பலன் இல்லை என்று அது காட்டவில்லை. சம்பளத்தை யாரும் மாற்றிப் பார்க்கவே இல்லையே.

விடையை இப்படி அமைக்கலாம்

பத்து மதிப்பெண் கேள்விக்கு ஒரு சட்டகம்:

1. இரு கோட்பாடுகளின் கேள்வியை ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். மாஸ்லோ: மனிதனுக்கு இப்போது எந்தத் தேவை நிறைவேறாமல் இருக்கிறது? ஹெர்ஸ்பெர்க்: வேலைக்குள் என்ன இருக்கிறது, வேலையைச் சுற்றி என்ன இருக்கிறது?
2. ஐந்து தேவைகளையும் இயக்க விதியையும் சுருக்கமாக எழுதுங்கள். அடுத்து இரண்டு காரணிகளையும் இரண்டு கோல்களையும்.
3. பொருந்தும் இடங்களை இரண்டு வரிகளில் முடியுங்கள்.
4. பிரியும் இடங்களுக்கு அதிக இடம் கொடுங்கள்: மதிப்புத் தேவையின் பிளவு, சம்பளம் ஊக்கியா, வரிசை உண்டா இல்லையா.
5. கடிதப் பிரிவின் உதாரணத்தை நான்கு வரிகளில் சேருங்கள்.
6. ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் ஒரு குறையைப் பெயரோடும் ஆண்டோடும் எழுதுங்கள்.

முடிவு வரியில் ‘இரண்டும் சிறந்த கோட்பாடுகள்’ என்று எழுதி முடிக்காதீர்கள். எது எதற்குப் பயன்படும் என்று சொல்லுங்கள். ஊழியருக்குக் கீழ்த் தேவைகளே நிறைவேறாமல் இருக்கிறதா, அங்கே மாஸ்லோவிலிருந்து தொடங்க வேண்டும். அவை நிறைவேறியும் வேலையில் உயிர் இல்லையா, அங்கே ஹெர்ஸ்பெர்க்கின் கேள்வி வேண்டும்: இந்த வேலையில் இவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட என்ன இருக்கிறது?